இன்றைக்கு 5060, நாளைக்கு 5070 டிஐ: கேமிங் பிசிக்கு எஸ்எம்பிஎஸ் தேர்ந்தெடுக்கும் முழு வழி

அக்கா மகன் வேலை கிடைத்து பெங்களூரு வந்து ஆறு மாதம் ஆகிறது. மாரத்தஹள்ளியில் வாடகை ரூம். முதல் போனஸ் வந்ததும் கேமிங் பிசி கட்டப் போகிறேன் என்று எஸ்.பி. ரோடு போய், ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. எல்லாம் சரிதான். எஸ்எம்பிஎஸ், அதாவது பிசியின் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை, என்ற வரியில் மட்டும் '550 வாட்' என்று இருந்தது, பிராண்டுகூட எழுதவில்லை.

"மாமா, 550 தாராளம்னு கடைக்காரர் சொல்றார். கார்டு கம்பெனியும் 550தான் போட்டிருக்கான். மிச்சக் காசுல பெரிய எஸ்எஸ்டி போட்டுக்கலாம்ல?"

"இன்னைக்குத் தாராளம்தான்டா. ரெண்டு வருஷம் கழிச்சு என்ன கார்டு போடப்போற?"

"5070 டிஐ விலை இறங்குச்சுன்னா அது. இல்லைன்னா அந்த ரேஞ்சுல எது வருதோ அது."

அந்தப் பதிலைத்தான் கடைக்காரர் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேமிங் பிசியில் கார்டு மாறும், பிராசசர் மாறும், ரேம் கூடும். எஸ்எம்பிஎஸ் மட்டும் அப்படியே ஏழெட்டு வருடம் உட்கார்ந்திருக்கும். ஆகவே அதை இன்றைய கார்டுக்கு வாங்கக் கூடாது; அதன் ஆயுளில் போடப்போகும் பெரிய கார்டுக்கு வாங்க வேண்டும். அன்று மத்தியானம் அவனோடு உட்கார்ந்து போட்ட கணக்கை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் நாளைய கார்டைத் தீர்மானியுங்கள்

'பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் கணக்கே போட முடியாது. மாடல் பெயர் தெரிய வேண்டியதில்லை, எத்தனை வாட் ரகம் என்று தெரிந்தால் போதும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட் இழுக்கும். 5070 என்றால் 250, 5070 டிஐ 300, 5080 என்றால் 360. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட். 5090 தனி ஜாதி, 575 வாட்; அதை வாங்கப்போகிறவர் இந்தக் கட்டுரையைத் தேடி வரமாட்டார்.

தலைமுறை மாறினாலும் இந்த ரகங்கள் பெரிதாக நகர்வதில்லை. நடுத்தர விலையில் இருக்கும் நல்ல கார்டு 200 முதல் 300 வாட்டுக்குள்தான் சில வருடங்களாக நிற்கிறது. 'எனக்கு 300 வாட் கார்டு வரைதான்' என்று ஒரு கோடு கிழித்தால், அடுத்த தலைமுறையில் என்ன பெயரில் வந்தாலும் அந்தக் கோடு பெரும்பாலும் செல்லுபடியாகும். என் அக்கா மகன் கோடு கிழித்தது அங்கேதான்.

கணக்கு

இன்றைய நிலைமையை முதலில் பார்த்தோம். ரைசன் 5 7600 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் முழு வேகத்தில் அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது எண். இன்டெல் எடுத்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: பெட்டியில் 65 வாட் போட்ட ஐ5 13400எஃப், டர்போவில் 148 வரை போகும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, நான்கைந்து ஃபேன், கலர் லைட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் ஒதுக்கினோம். 88, 145, 60. மொத்தம் 293 வாட். இதற்கு 550 வாட் சப்ளை உண்மையிலேயே தாராளம். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

இப்போது இரண்டு வருடம் கழித்து. கார்டு 300 வாட். அதே மதர்போர்டில் ரைசன் 7 7800எக்ஸ்3டி பொருந்தும், அதையும் ஒருநாள் மாற்ற வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்கு உச்ச அனுமதி 162 வாட். கேம் ஆடும்போது அவ்வளவு இழுக்காது, பாதி அளவில்தான் நிற்கும். இருந்தாலும் உச்சத்தையே வைத்தோம். மற்றவை 60. மொத்தம் 522 வாட். கொட்டேஷனில் இருந்த 550 இப்போது மூச்சுத் திணறுகிறது பாருங்கள்.

மொத்தத்தை 0.75 ஆல் வகுப்பது என் பழக்கம். 522ஐ வகுத்தால் 696. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 750. 5070 டிஐ கார்டுக்கு என்விடியா சொல்வதும் 750தான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் கணக்கு சரி என்று வைத்துக்கொள்ளலாம். 5080 வரை ஆசை இருந்தால் மொத்தம் 582 ஆகிறது, வகுத்தால் 776, அப்போது 850 வாங்க வேண்டும்.

ஏன் கால்வாசியை விட்டுவைக்க வேண்டும்? பாதி லோடில் எஃபிஷியன்சி அதிகம் என்று ஒரு காரணம் எல்லோரும் சொல்வார்கள். அது சின்னக் காரணம். ஏன் என்று பின்னால் வருகிறது. பெரிய காரணங்கள் வேறு. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வருடா வருடம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். லோடு விளிம்புக்குப் போகப் போக ஃபேன் சத்தம் ஏறும். இரண்டையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அதற்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

கண் இமைப்பதற்குள் வரும் தாவல்

சில வருடம் முன்பு ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 320 வாட் கார்டு. என்னிடம் இருந்தது 650 வாட் சப்ளை, நல்ல பெயருள்ள கம்பெனிதான். பிராசசரையும் சேர்த்துக் கூட்டினால் 480 தாண்டவில்லை. நிம்மதியாக மாட்டினேன். கேம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஓடும்; பெரிய வெடிப்புக் காட்சி வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம், மொத்தமும் இருட்டு. பவர் பட்டனை அமுக்கினால் அசைவில்லை. பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் உயிர் வரும். ரேமைக் கழற்றி மாட்டினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், இரண்டு வாரம் போனது. அலுத்துப்போய் நண்பனிடம் 850 வாட் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை.

நடந்தது இதுதான். 320 வாட் என்பது சராசரி. கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை. ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அது அந்தச் சராசரிக்கு வெகு மேலே தாவிவிட்டுத் திரும்பும். மென்பொருள் காட்டும் மீட்டரில் அது தெரியாது. சுவரில் மாட்டும் மீட்டரிலும் தெரியாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட்டுக்குத் தெரியும். 'யாரோ அளவுக்கு மீறி இழுக்கிறார்கள்' என்று அது எல்லாவற்றையும் வெட்டிவிடும். என் சப்ளையில் பழுது ஒன்றும் இல்லை. அதன் வேலையைத்தான் செய்தது.

இந்தத் தொல்லை பரவலானதால்தான் 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரம் வந்தது, அதைத் திருத்தி 3.1 வந்தது. புதிய கார்டு இணைப்பு உள்ள சப்ளைகள், தங்கள் அளவைப் போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது 750 வாட் சப்ளை, அந்தத் துளி நேரத்துக்கு 1500 வாட் வரை அணையாமல் நிற்க வேண்டும். ஆகவே பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருந்தால் நான் போடும் கணக்கு அப்படியே போதும். அந்தக் குறி இல்லாத பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஒரு படி மேலே, 850 வாங்குங்கள். அப்படி வாங்கும்போது பெரும்பாலும் விலை வித்தியாசம் காணாமல் போய்விடும், புதியதையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை இது. அரை நிமிடம் போதும். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12 ஆல் பெருக்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டை மட்டும்தான். நல்ல 750 வாட் சப்ளையில் 62 ஆம்பியர் இருக்கும், பெருக்கினால் 744. கிட்டத்தட்ட முழுதும் வந்துவிட்டது.

பெட்டியில் பெரிதாக 600 என்று போட்டு, அட்டவணையில் 38 ஆம்பியர் இருந்தால் உங்கள் கையில் இருப்பது 456 வாட் சப்ளை. மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இன்றைய பிசி அதிகம் தொடாத இடத்தில் கிடக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் இந்த வகை. சிலவற்றில் அட்டவணையே இருக்காது. அப்படி இருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள், எஸ்.பி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்.

பிராண்ஸா, கோல்டா

இங்கேதான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். பிராண்ஸ், கோல்டு என்பவை எஃபிஷியன்சியை அளந்து 80 பிளஸ் என்ற திட்டம் தரும் முத்திரைகள்; இரண்டில் கோல்டு மேல்.

கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா ஃபோன் போட்டாள். "என்னடா, 750 வாட்டாம்? ஹீட்டர் போட்ட மாதிரி பில்லு வராது?" வராது. 750 என்பது சப்ளை கொடுக்கக்கூடிய உச்சம். இழுப்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் சாமான்தான். அண்டா பெரிதாக இருப்பதால் வீட்டில் தண்ணீர் செலவு கூடிவிடாது. 430 வாட் தேவைப்படும் கேமுக்கு 750ஐப் போட்டாலும் 850ஐப் போட்டாலும் பெஸ்காம் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

எஃபிஷியன்சி என்பது, சுவரிலிருந்து எடுத்ததில் எவ்வளவு பிசிக்குப் போய்ச் சேர்கிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்ற கணக்கு. இதற்கு நேர்மாறாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு: 750 வாட் கோல்டு வாங்கினால் 90 சதவீதம், அதாவது 675 வாட்தான் கிடைக்கும் என்பார்கள். அப்படி இல்லை. 750 முழுதாகக் கிடைக்கும். அதற்காகச் சுவரிலிருந்து எடுப்பதுதான் கூடுதலாக இருக்கும்.

80 பிளஸ் முத்திரையின் எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 115 வோல்ட்டில் சோதித்தவை. அங்கே பாதி லோடில் பிராண்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தொட வேண்டும். நம் ஊர் 230 வோல்ட்டில் எந்தச் சப்ளையும் ஓரிரு சதவீதம் நன்றாகவே ஓடும். 230 வோல்ட்டுக்கான 80 பிளஸ் அளவுகோலில் பாதி லோடுக்கு பிராண்ஸ் 88, கோல்டு 92. இந்த இரண்டு எண்ணை வைத்து அக்கா மகனுடைய நாளைய பிசிக்குக் கணக்குப் போடுவோம்.

கேம் ஓடும்போது கார்டு 300, பிராசசர் 80, மற்றவை 50. மொத்தம் 430 வாட். பிராண்ஸ் என்றால் சுவரிலிருந்து 489 வாட் எடுக்கும். கோல்டு என்றால் 467. வித்தியாசம் 22 வாட். ஒரு எல்இடி டியூப் லைட் அளவு. தினமும் நாலு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 2.6 யூனிட். வரி, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 18 ரூபாய், வருடம் 220க்குள். கோல்டு 2,000 ரூபாய் கூடுதல் என்றால் அந்தக் காசு திரும்ப வர ஒன்பது வருடம் ஆகும். வேலை செய்கிறவன் தினமும் நாலு மணி நேரம் ஆடுவானா என்பது வேறு விஷயம்.

பில்லுக்காக கோல்டு வாங்காதீர்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பாதி லோடில் வைத்தால் எஃபிஷியன்சி உச்சம் என்ற காரணம் சின்னது என்று சொன்னதும் இதனால்தான்: அதே அளவுகோலில் கோல்டு பாதி லோடில் 92, முழு லோடில் 89. அந்த மூன்று சதவீதத்துக்காக யாரும் இரண்டு மடங்கு வாட் வாங்க வேண்டியதில்லை. பில்லைக் காட்டி 1200 வாட் விற்க வந்தாலும் மயங்காதீர்கள். சும்மா யூடியூப் ஓடும்போது பிசி 60, 70 வாட்தான் எடுக்கும். 1200க்கு அது ஆறு சதவீத லோடு. அவ்வளவு கீழே எஃபிஷியன்சி நன்றாக இறங்கும், கோல்டு முத்திரைக்கான சோதனையோ 20 சதவீத லோடுக்குக் கீழே எட்டிப் பார்ப்பதே இல்லை.

அப்படியானால் கோல்டு எதற்கு? சூடு குறைவு, அதனால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், ராத்திரியில் அது காதுக்குத் தெரியும். இன்னொன்று, 90ஐத் தொட வேண்டுமானால் உள்ளே பழைய மலிவு டிசைனை வைத்துக்கொண்டு தொட முடியாது. அதனால் கோல்டு மாடல்களில் உள் வேலைப்பாடு பொதுவாக மேல். வாரன்டியும் நீளம்: பிராண்ஸ் மாடல்களில் ஐந்து வருடம் சாதாரணம், கோல்டில் ஏழு, பத்து என்று கிடைக்கும். பிற்பாடு கார்டு மாற்றப்போகிறவருக்கு இந்த வாரன்டிதான் உண்மையான லாபம். மூன்றாவது வருடம் பெரிய கார்டு போட்டு, அதற்கப்புறம் நாலு வருடம் ஓட்டும்போதும் யாரோ ஒருவர் பொறுப்பில் இருப்பார்.

ஆனால் முத்திரை எஃபிஷியன்சியை மட்டும்தான் சோதிக்கிறது. வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறதா, ஷார்ட் ஆனால் ஒழுங்காக வெட்டுகிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஆகவே மோசமான கோல்டும் உண்டு, அருமையான பிராண்ஸும் உண்டு. குறிப்பிட்ட மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனம் ஒன்றையாவது தேடிப் படியுங்கள். முத்திரை மேலேயே சந்தேகம் வந்தால் 80 பிளஸ் திட்டத்தின் இணையதளத்தில் கம்பெனி வாரியாகப் பட்டியல் இருக்கிறது, மாடல் எண்ணைத் தேடிக்கொள்ளலாம்.

காசு இடித்தால் என் தீர்ப்பு இது: 550 கோல்டையும் நல்ல 750 பிராண்ஸையும் ஒரே விலையில் வைத்தால் 750 பிராண்ஸை எடுங்கள். கார்டு மாற்றும் நாளில் வாட் இல்லையென்றால் கோல்டு முத்திரை கைகொடுக்காது.

கேபிள்

300 வாட் ரக என்விடியா கார்டுகளில் இப்போது இருப்பது 16 முனை உள்ள 12வி-2×6 இணைப்பு. ஏஎம்டி கார்டுகள் பலவற்றில் பழைய 8 முனை இணைப்பு இரண்டோ மூன்றோ இருக்கும். இன்றைய 5060க்கு ஒரே ஒரு 8 முனை போதும் என்பதால் கடையில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். நீங்கள் கவனியுங்கள்: சப்ளையோடு ஒரு 12வி-2×6 கேபிளும், தனித்தனி வயராக வரும் 8 முனை கேபிள் குறைந்தது இரண்டும் இருக்கின்றனவா என்று பெட்டியின் பின்புறம் படியுங்கள். ஒரே வயரில் இரண்டு தலை தொங்கும் கேபிளைப் பலர் இரண்டாக எண்ணிவிடுவார்கள். 8 முனை ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கானது. ஒரே வயர் வழியாக இரண்டு தலைக்கும் முழு லோடு போனால் வயரும் கனெக்டரும் சுடும். பெரிய கார்டுக்குத் தலைக்கொரு வயர் என்று மாட்டுவதே நிம்மதி.

கேபிள்களைச் சப்ளையிலிருந்தே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் சப்ளையில் ஒரு ஆபத்து இருக்கிறது. கார்டு பக்கம் போகும் முனைகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சப்ளை பக்கம் செருகும் முனைகளுக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்கூட மாறலாம். பழைய சப்ளையின் கேபிள் அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் 12 வோல்ட் போக வேண்டாத இடத்துக்குப் போய் எஸ்எஸ்டியோ மதர்போர்டோ போய்விடும். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது 'என்கிட்ட ஒரு கேபிள் எக்ஸ்ட்ரா இருக்கு' என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கரண்ட் போகும் ஊரில் இன்னொரு கணக்கு

வெளிநாட்டு வீடியோக்களில் இது வராது. மழைக்காலத்தில் மாரத்தஹள்ளிப் பக்கம் மாலை நேரம் கரண்ட் போய்ப் போய் வரும். அவன் தங்கியிருக்கும் கட்டடத்தில் இன்வர்ட்டர் உண்டு. லைட்டு சிமிட்டிவிட்டுத் திரும்ப எரியும். பிசி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். இதையும் 'எஸ்எம்பிஎஸ் வீக்' என்று மாற்றச் சொல்லுவார்கள்.

கரண்ட் போய் இன்வர்ட்டர் கைகொடுக்கும் வரை உள்ள சின்ன இடைவெளியை எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் தேங்கிய சக்திதான் தாங்குகிறது. ஏடிஎக்ஸ் 3.1 தரப்படி 80 சதவீத லோடில் 17 மில்லி நொடியும், முழு லோடில் 12 மில்லி நொடியும் தாங்க வேண்டும். லோடு குறைந்தால் அதே சக்தி அதிக நேரம் வரும்; 430 வாட்டை 750 வாட் சப்ளையில் ஓட்டினால் 20 மில்லி நொடிக்கு மேல் கிடைக்கும். அதே 430ஐ 550 வாட் சப்ளையில் ஓட்டினால் ஏறக்குறைய 17தான். நம் ஏசி கரண்டின் ஒரு சுற்றே 20 மில்லி நொடி. இன்வர்ட்டர் கண்டுபிடித்து மாறுவதற்குள் இந்த வித்தியாசம் தேவைப்படும். கால்வாசி விட்டுவைத்ததில் இதுவும் ஒரு லாபம். இன்வர்ட்டரின் பின்னால் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள், மாறும் நேரம் குறையும்.

தனி யுபிஎஸ் வாங்குவதானால் வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 வி.ஏ. யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். இன்றைய 5060 பிசிக்கு மானிட்டரையும் சேர்த்து அது விளிம்பு. 5070 டிஐ போட்ட பிறகு சுவரிலிருந்து எடுப்பது 467, மானிட்டரோடு 500. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். அப்போது 1000 வி.ஏ., 600 வாட் ரகம் தேவை. மலிவு யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு போன்ற அலையை சில எஸ்எம்பிஎஸ்கள் ஏற்காமல் அணைந்துவிடும். கைக்கு எட்டினால் ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள்.

பழைய வாடகை வீடுகளில் ஒரு சின்னச் சோதனை: கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதா? பிளக் பாயின்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் அது போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கார்டு மாற்றும் நாள்

இரண்டு வருடம் கழித்துப் புதுக் கார்டைக் கொண்டுவந்ததும் பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 12வி-2×6 கேபிளை 'க்ளிக்' என்று உட்காரும் வரை தள்ளி, டார்ச் அடித்து இடைவெளி தெரியவில்லை என்று பாருங்கள். கனெக்டரை ஒட்டினாற்போல் வயரை மடக்காதீர்கள், மூன்றரை சென்டிமீட்டராவது நேராக வரட்டும். கேபினெட்டின் பக்கக் கண்ணாடி வயரை அழுத்துகிறது என்றால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு வேறு கேபினெட் பாருங்கள்; உருகிய கனெக்டர் படங்களில் கணிசமானவை சரியாக உட்காராத கேபிளின் கதை.

பிறகு கனமான கேம் ஒன்றை ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டில் இதைப் போடுங்கள்:

```
nvidia-smi --query-gpu=power.draw,power.limit --format=csv -l 1
```

நொடிக்கு ஒரு வரி வரும். முதல் எண் கார்டு இப்போது எடுப்பது, இரண்டாவது அதன் வரம்பு. முதல் எண் வரம்புக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றும் பிசி அசையவில்லை என்றால் வேலை முடிந்தது.

அணைந்தால் எப்படி அணைகிறது என்று பாருங்கள். என் 3080 செய்தது போல மொத்தமும் செத்து, பின் சுவிட்சைத் தட்டினால்தான் உயிர் வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வெட்டியிருக்கிறது. திரை மட்டும் கருத்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் அலறினால் கார்டையும் அதன் கேபிளையும் முதலில் சந்தேகியுங்கள். தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் ரேம், பிராசசர், இன்வர்ட்டர் என்று யாரும் காரணமாக இருக்கலாம்; விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் Kernel-Power 41 என்று வருவது 'திடீரென்று அணைந்தது' என்பதை மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. முதல் வகைக்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. கார்டின் பவர் லிமிட்டை மென்பொருளில் 80 சதவீதத்துக்கு இறக்கி அதே காட்சியை ஆடுங்கள். இப்போது அணையவில்லை என்றால் சப்ளையின் மேல் சந்தேகம் உறுதி. வேறு சப்ளை வரும் வரை அப்படியே ஆடிக்கொண்டும் இருக்கலாம், ஃபிரேம் ரேட் பெரிதாகக் குறையாது.

கடைசியில் அவன் வாங்கியது 750 வாட் கோல்டு, ஏடிஎக்ஸ் 3.1. எஸ்எஸ்டியை 1 டிபியோடு நிறுத்திக்கொண்டான். பிசி கட்டி முடித்ததும் மிச்சமிருந்த கேபிள்களைக் குப்பையோடு வாரப் போனான். பிடுங்கி, எல்லாவற்றையும் அந்தச் சப்ளையின் பையிலேயே போட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி மாடல் எண்ணை எழுதி, ஜிஎஸ்டி பில்லையும் உள்ளே வைத்து அவன் அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். 12வி-2×6 கேபிள் அதற்குள்தான் இருக்கிறது.